வந்த வட்டியில் வருமானம் எது, முதல் எது?

ஏப்ரல் 8, அக்டோபர் 8. '7.10% ஜி.எஸ். 2034' என்ற மத்திய அரசுக் கடன் பத்திரம் ஆண்டில் இந்த இரண்டு நாட்களில்தான் வட்டி கொடுக்கும். பெயரிலேயே விவரம் இருக்கிறது: ஆண்டு வட்டி 7.10 சதவீதம், அசல் 2034-ல் திரும்பும். பத்து லட்சம் ரூபாய் முக மதிப்புக்கு அரையாண்டு வட்டி 35,500 ரூபாய். அந்தச் சமயத்தில் பத்திரம் யார் கணக்கில் இருக்கிறதோ அவருக்கே முழுத் தொகையும் போகும். ஆறு மாதமும் வைத்திருந்தவரா, போன வாரம்தான் வாங்கியவரா என்று யாரும் கேட்பதில்லை.

விற்றவர் அதைச் சும்மா விட்டுவிடுவாரா? தான் வைத்திருந்த நாட்களுக்கான வட்டியை விற்கும்போதே வாங்குபவரிடம் கறந்துவிடுவார். இதனால் வாங்குபவர் ஒரே காசோலையில் இரண்டு பொருளை வாங்குகிறார். ஒன்று பத்திரம். மற்றொன்று, அடுத்த வட்டி நாளில் கைக்கு வரப்போகும் தொகையில் ஏற்கெனவே சேர்ந்துவிட்ட பங்கு. இந்த இரண்டையும் பிரித்து எழுதாத கணக்குப் புத்தகத்தில் வருமானமும் தப்பு, முதலீட்டின் மதிப்பும் தப்பு.

கரூரில் வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி செய்யும் நடுத்தர கம்பெனி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத தனியார் கம்பெனி. வெளிநாட்டுப் பணம் வந்து சேர்ந்திருக்கிறது. புதுத் தறி வாங்க இன்னும் இரண்டு வருடம் ஆகும். அதுவரை பணம் நடப்புக் கணக்கில் தூங்க வேண்டாமென்று, 2025 ஜனவரி 8 அன்று மேலே சொன்ன பத்திரத்தைப் பத்து லட்சம் முக மதிப்புக்கு வாங்குகிறது. கணக்கு எளிதாக இருக்க, விலை நூற்றுக்கு 101.50 என்போம். அப்படியானால் பத்திரத்தின் விலை 10,15,000 ரூபாய்.

ஆனால் வங்கியிலிருந்து போவது 10,32,750 ரூபாய். கூடுதலாகப் போன 17,750 ரூபாய்தான் கூடியுள்ள வட்டி. மத்திய அரசுக் கடன் பத்திரங்களுக்கு மாதம் 30 நாள், வருடம் 360 நாள் என்று எண்ணுவது நம் சந்தையின் வழக்கம். அக்டோபர் 8-லிருந்து ஜனவரி 8 வரை மூன்று மாதம், அதாவது 90 நாள். வருட வட்டி 71,000 ரூபாயில் கால் பங்கு 17,750.

இதைப் பதிவு செய்யும்போது முதலீட்டுக் கணக்கில் 10,15,000 பற்று, 'கூடியுள்ள வட்டி' என்ற தனிக் கணக்கில் 17,750 பற்று, வங்கிக் கணக்கில் 10,32,750 வரவு. தரகு, முத்திரைத் தீர்வை போன்ற செலவுகள் இருந்தால் அவை முதலீட்டின் அடக்கவிலையில் சேரும்; வட்டி சேராது.

மார்ச் 31 வருகிறது. வட்டி நாளுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. ஒரு பைசா கைக்கு வரவில்லை. ஆனாலும் கம்பெனி இந்தப் பத்திரத்தை ஜனவரி 8 முதல் வைத்திருக்கிறது. வட்டி நாளுக்கு நாள் சேர்வது. கொடுக்கும் நாளில் திடீரென்று முளைப்பதல்ல. ஜனவரி 8-லிருந்து மார்ச் 31 முடியும்வரை அதே 360 நாள் கணக்கில் 83 நாள். அதற்கு 16,369 ரூபாய். இதைக் கூடியுள்ள வட்டிக் கணக்கில் பற்று வைத்து, வட்டி வருமானத்தில் வரவு வைக்க வேண்டும். இப்போது கூடியுள்ள வட்டிக் கணக்கில் 34,119 ரூபாய் நிற்கும். ஐந்தொகையில் அது ஒரு சொத்து. அதில் பாதிக்கு மேல் விற்றவருக்குக் காசாகவே கொடுத்தது. மீதி கம்பெனி சம்பாதித்தது.

ஏப்ரல் 8 அன்று 35,500 ரூபாய் வங்கியில் விழுகிறது. அதில் 34,119 ரூபாய் அந்தக் கணக்கை அடைக்கும். மிச்சம் 1,381 ரூபாய்தான் புதிய நிதியாண்டின் வருமானம். ஏப்ரலின் முதல் ஏழு நாட்களுக்கானது. ஆக, வந்த தொகை மூன்று துண்டாகிறது: போட்ட பணமே திரும்பியது 17,750, போன வருட வருமானம் 16,369, இந்த வருட வருமானம் 1,381.

பல அலுவலகங்களில் இது இப்படி நடப்பதில்லை. வங்கியிலிருந்து போன 10,32,750 ரூபாயை அப்படியே முதலீடு என்று டேலியில் பதிந்துவிடுகிறார்கள். ஏப்ரலில் வந்த 35,500 ரூபாயை வட்டி வருமானம் என்று பதிகிறார்கள். இரண்டுமே வங்கி அறிக்கையோடு ஒத்துப்போகும். அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் 2024-25-ல் வருமானம் பூஜ்யம். 2025-26-ல் தன்னுடையதல்லாத 17,750 ரூபாயும் லாபமாகிறது. முதலீடு 17,750 ரூபாய் ஊதிப்போய் ஐந்தொகையில் உட்கார்ந்திருக்கிறது. பத்திரத்தை விற்கும் அன்று, அல்லது 2034-ல் அசல் திரும்பும் அன்று, அதே 17,750 காரணமே தெரியாத நஷ்டமாக வெளியே வரும். அன்றைக்கு இந்தக் கணக்கை எழுதியவர் அந்த அலுவலகத்தில் இருப்பாரா என்பதே சந்தேகம்.

தப்பு நடந்ததா என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. பத்திரத்தின் முக மதிப்பை வட்டி விகிதத்தாலும் வைத்திருந்த நாட்களாலும் பெருக்கிப் பார்த்தால், அந்த ஆண்டுக்கு எவ்வளவு வட்டி வருமானம் வந்திருக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். லாப நஷ்டக் கணக்கில் உள்ள தொகை அதைவிடக் கூடுதலாக இருந்தால், வாங்கியபோது கொடுத்த வட்டி வருமானத்துக்குள் கலந்திருக்கிறது. குறைவாக இருந்தால், மார்ச் 31 பதிவு விட்டுப்போயிருக்கிறது.

சி.ஏ. மாணவர்களுக்குக் கற்றுத்தரும் பழைய முறை ஒன்றும் இதே வேலையைச் செய்கிறது. அதில் முதலீட்டுக் கணக்குக்கு இரு பக்கமும் மூன்று பத்திகள் இருக்கும்: முக மதிப்பு, வட்டி, முதல். வாங்கும்போது கொடுத்த வட்டி பற்றுப் பக்கத்தின் வட்டிப் பத்தியில் ஏறும். வந்த வட்டி வரவுப் பக்கத்தின் வட்டிப் பத்தியில் ஏறும். ஆண்டு முடிவில் கூடியுள்ள வட்டியையும் எழுதிவிட்டால், அந்தப் பத்தியின் மீதியே வருமானம். வட்டி நாளுக்கு முன்பே பத்திரத்தை விற்றுவிட்டால், வாங்கியவர் கொடுக்கும் கூடியுள்ள வட்டியும் வட்டிப் பத்திக்கே போகும். முதல் பத்தியைத் தொடாது. விற்ற லாபத்தில் கலக்காது. காகிதப் பேரேட்டுக் காலத்து ஏற்பாடு என்றாலும், இதைவிடத் தெளிவான ஒன்று இன்றைய மென்பொருள்களில் கிடைப்பது அரிது.

அரசுப் பத்திரத்தில் ஒரு வசதி இருக்கிறது: பத்திர விலையும் கூடியுள்ள வட்டியும் ஒப்பந்தக் குறிப்பில் தனித்தனியாகவே வரும். தனியார் கம்பெனிகள் வெளியிடும் என்.சி.டி. எனப்படும் கடனீட்டுப் பத்திரங்களைப் பங்குச் சந்தைத் திரையில் வாங்கும்போது அப்படி இருக்காது. அங்கே தெரியும் விலை பெரும்பாலும் வட்டியையும் உள்ளே வைத்த விலை. பிரிக்கும் வேலை வாங்குபவர் தலையில் விழுகிறது.

அதே கரூர் கம்பெனி 1,000 ரூபாய் முக மதிப்புள்ள, ஆண்டுக்கு 9 சதவீதம் வட்டி தரும் என்.சி.டி. 200 எண்ணிக்கை வாங்குவதாகக் கொள்வோம். திரையில் விலை 1,041 ரூபாய். கடைசியாக வட்டி கொடுத்து 146 நாளாகிறது. இங்கே வருடத்துக்கு 365 நாள் கணக்கு. 90 ரூபாய் வருட வட்டியில் 146 நாளுக்கு 36 ரூபாய். ஆக பத்திரத்தின் உண்மை விலை 1,005. மொத்தம் கொடுத்த 2,08,200 ரூபாயில் 2,01,000 முதலீடு. 7,200 கூடியுள்ள வட்டி.

மார்ச் 31-ல் இங்கே இன்னொரு பள்ளம் காத்திருக்கிறது. கணக்கியல் தரம் ஏ.எஸ். 13, முதலீடுகளை இரண்டாகப் பிரிக்கிறது. எளிதில் விற்கக்கூடியதாக, ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருக்கும் எண்ணமின்றி வாங்கியது நடப்பு முதலீடு. அதை அடக்கவிலை, சந்தை மதிப்பு இரண்டில் எது குறைவோ அந்த விலையில் காட்ட வேண்டும். மற்றது நீண்டகால முதலீடு. அதை அடக்கவிலையிலேயே காட்டலாம், தற்காலிகமல்லாத சரிவு வந்தால் மட்டும் குறைக்க வேண்டும். கரூர் கம்பெனியின் அரசுப் பத்திரம் இரண்டாம் வகை. மார்ச்சில் அதன் விலை கொஞ்சம் ஏறியிருந்தாலும் இறங்கியிருந்தாலும் 10,15,000 அப்படியே நிற்கும். என்.சி.டி.யைச் சில மாதத்தில் விற்கும் எண்ணத்தில் வாங்கியிருக்கிறது; அது நடப்பு முதலீடு.

மார்ச் 31-ல் திரையில் அதன் விலை 1,058 என்று இருக்கட்டும். அடக்கவிலை 1,005, சந்தை மேலே இருக்கிறது, குறைக்கத் தேவையில்லை என்று தோன்றும். ஆனால் அந்த 1,058-க்குள் 248 நாள் வட்டி, ஏறத்தாழ 61 ரூபாய், ஒளிந்திருக்கிறது. அதைக் கழித்தால் பத்திரத்தின் விலை 997-தான். அந்த 61 ரூபாயைக் கம்பெனி ஏற்கெனவே கூடியுள்ள வட்டி என்று தனிச் சொத்தாகக் காட்டியிருக்கிறது. திரை விலையை அப்படியே ஒப்பிட்டால் ஒரே வட்டி இரண்டு இடத்தில் எண்ணப்படும். பத்திரத்துக்கு 8 ரூபாய் வீதம் 1,600 ரூபாய் நஷ்டம் கண்ணில் படாமலே போய்விடும்.

பங்குகளுக்கு வந்தால் இந்த நாள் கணக்கே கிடையாது. ஈவுத்தொகை நாளுக்கு நாள் சேர்வதில்லை. கம்பெனி லாபம் சம்பாதித்தாலும் டிவிடெண்ட் கொடுத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயமில்லை. எனவே பெறும் உரிமை உறுதியான பிறகே அதை வருமானம் என்று எழுத முடியும். இறுதி ஈவுத்தொகையை இயக்குநர் குழு பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில் பரிந்துரைக்கும். பங்குதாரர்களின் ஆண்டுப் பொதுக்கூட்டம் அதை ஏற்பது ஜூலையிலோ ஆகஸ்டிலோ இருக்கலாம். ஏற்ற நாளில்தான் உரிமை பிறக்கிறது. மார்ச்சில் முடிந்த ஆண்டின் லாபத்திலிருந்து வருகிற ஈவுத்தொகை என்றாலும், பங்கு வைத்திருப்பவரின் புத்தகத்தில் அது அடுத்த ஆண்டு வருமானம். இடைக்கால ஈவுத்தொகையை இயக்குநர் குழுவே அறிவித்துவிடலாம். அறிவித்த 30 நாளுக்குள் பணத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்கிறது கம்பெனிகள் சட்டம். மார்ச் கடைசியில் அறிவித்து ஏப்ரலில் பணம் வந்தால், மார்ச் 31 ஐந்தொகையில் அது பெறவேண்டிய ஈவுத்தொகையாக நிற்கும்.

ஆக, வழக்கமான ஈவுத்தொகை முழுக்க வருமானமே. பத்திரம் போல வாங்கிய தேதிக்கு முன், பின் என்று நாள் எண்ணிப் பிரிக்க வேண்டியதில்லை, பிரிக்கவும் முடியாது. ஆனால் ஏ.எஸ். 13 ஒரு விதிவிலக்கை வைத்திருக்கிறது: கைக்கு வந்த ஈவுத்தொகை நாம் போட்ட விலையின் ஒரு பகுதி திரும்பியதுதான் என்று தெளிவாகத் தெரிந்தால், அதை வருமானத்தில் சேர்க்காமல் முதலீட்டின் அடக்கவிலையில் கழிக்க வேண்டும். இது பாடப்புத்தக நுணுக்கம் என்று நினைப்பவர்களுக்கு 2020 டிசம்பரில் சந்தையே பாடம் எடுத்தது.

மஜெஸ்கோ என்ற மென்பொருள் கம்பெனி, அமெரிக்கத் துணை நிறுவனத்தில் தனக்கிருந்த பங்குகளை தோமா பிராவோ என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றது. தொழிலின் பெரும்பகுதியே அதுதான். வந்த பணத்தைப் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்க, பங்கு ஒன்றுக்கு 974 ரூபாய் இடைக்கால ஈவுத்தொகை அறிவித்தது. பங்கின் முக மதிப்பு 5 ரூபாய். ஈவுத்தொகைச் சதவீதம் முக மதிப்பின்மேல்தான் சொல்லப்படும் என்பதால் இது 19,480 சதவீதம். சந்தையில் பங்கு விலை 985 ரூபாயை ஒட்டி இருந்தது. ஈவுத்தொகை இல்லாத விலையில் வர்த்தகம் தொடங்கிய நாளில் அது 12 ரூபாய் அளவுக்கு விழுந்தது.

அதற்கு முந்தைய சில நாட்களில் ஒரு கம்பெனி 985 ரூபாய் வீதம் 1,000 பங்கு வாங்கியிருந்தால், முதலீடு 9,85,000 ரூபாய். ஈவுத்தொகை 9,74,000 ரூபாய். இதை வருமானம் என்று எழுதினால், சில நாளில் ஒன்பதே முக்கால் லட்சம் சம்பாதித்ததாகக் கணக்கு காட்டும். கையில் மிஞ்சிய பங்குகளின் சந்தை மதிப்போ 12,000 ரூபாய். நடப்பு முதலீடாக இருந்தால் மார்ச் 31-ல் அதைச் சந்தை விலைக்குக் குறைத்தே ஆகவேண்டும். லாபமும் நஷ்டமும் ஒன்றையொன்று விழுங்கிவிடும். நீண்டகால முதலீடு என்று வகைப்படுத்தி அடக்கவிலையிலேயே விட்டிருந்தால்தான் ஆபத்து. இல்லாத லாபம் ஒரு பக்கம், இல்லாத சொத்து இன்னொரு பக்கம். சரியான பதிவில் ஈவுத்தொகை அடக்கவிலையிலிருந்து கழியும்; முதலீடு 11,000 ரூபாயாக நிற்கும்; வருமானம் ஏதுமில்லை.

ஐந்தாறு வருடத்துக்கு முன்பே குறைந்த விலையில் அந்தப் பங்கை வாங்கி வைத்திருந்தவருக்கு இதே பதில் பொருந்தாது. அவர் வைத்திருந்த காலத்தில்தான் அந்தத் தொழில் வளர்ந்தது. 974 ரூபாயில் பெரும்பகுதி அவருடைய விளைச்சல். ஒரே நாளில் ஒரே கம்பெனி கொடுத்த ஒரே ஈவுத்தொகை, வாங்கிய தேதியையும் விலையையும் பொறுத்து ஒருவருக்கு வருமானம், இன்னொருவருக்கு முதல். எங்கே கோடு போடுவது என்பது கணக்காளரின் தீர்ப்பு. தெளிவாகத் தெரிந்தால் மட்டும் கழிக்கச் சொல்கிறது தரம். மனம்போன போக்கில் பிரிக்க அது இடம் தரவில்லை.

இந்தத் தொகைகளில் சில முழுதாகக் கைக்கு வருவதில்லை என்பது அடுத்த சிக்கல். 2020 ஏப்ரல் முதல் ஈவுத்தொகைக்கான வரியைக் கொடுக்கும் கம்பெனி செலுத்துவதில்லை. பெறுபவர் செலுத்த வேண்டும். கொடுப்பவர் டி.டி.எஸ். பிடித்துக்கொண்டு மீதியை அனுப்புவார். வழக்கமான விகிதம் 10 சதவீதம். கொரோனா காலச் சலுகையால் 2020 டிசம்பரில் அது 7.5 சதவீதமாக இருந்தது. எனவே மேலே சொன்ன 9,74,000-ல் 73,050 போக 9,00,950 ரூபாய்தான் வங்கிக்கு வந்திருக்கும். புத்தகத்தில் எழுத வேண்டியது 9,74,000. பிடித்த வரி செலவல்ல. அரசிடம் முன்கூட்டியே கட்டிய தொகை, வரவேண்டிய சொத்து. வங்கிக்கு வந்த தொகையை மட்டும் பதிந்தால் படிவம் 26 ஏ.எஸ். காட்டும் தொகையோடு ஒத்துப்போகாது. வரித்துறைக் கடிதம் வருவது பெரும்பாலும் இந்த வித்தியாசத்தால்தான்.

மத்திய அரசுப் பத்திர வட்டியில், ஓரிரு சேமிப்புப் பத்திரங்கள் தவிர, டி.டி.எஸ். இல்லை. பட்டியலிட்ட என்.சி.டி.க்கு இருந்த விலக்கு 2023 ஏப்ரலில் நீங்கியது. கரூர் கம்பெனியின் 200 என்.சி.டி.க்கு ஆண்டு வட்டி 18,000 வரும்போது 1,800 பிடிப்பார்கள். கம்பெனியின் வருமானம் இதில் 10,800 மட்டுமே. 7,200 விற்றவருக்கு முன்பே கொடுத்தது. ஆனால் வட்டி கொடுப்பவருக்கு அது தெரியாது. 26 ஏ.எஸ்.-ல் 18,000 முழுதும் கரூர் கம்பெனியின் பெயரில்தான் ஏறும். இந்த வித்தியாசத்தை விளக்கும் ஒரு தாள், வாங்கிய ஒப்பந்தக் குறிப்போடு சேர்ந்து கோப்பில் இருந்தாக வேண்டும்.

அந்த 7,200 போன்ற தொகையை வரிக்கணக்கில் கழிக்க முடியுமா என்பதைப் பற்றி நீதிமன்றங்களில் பல பத்தாண்டுகள் வழக்கு நடந்திருக்கிறது. விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம், பத்திரம் வாங்கும்போது கொடுத்த வட்டி முதலீட்டுச் செலவு, வருமானத்தில் கழிக்க முடியாது என்றது. பத்திர வட்டிக்கென்று வருமான வரிச் சட்டத்தில் தனிப் பிரிவு இருந்த காலத்து ஆண்டுகளைப் பற்றிய தீர்ப்பு அது; 1989-ல் அந்தப் பிரிவு நீங்கிவிட்டது. 2024 அக்டோபரில் பேங்க் ஆஃப் ராஜஸ்தான் வழக்கில் உச்ச நீதிமன்றம், வங்கிகள் வியாபாரச் சரக்காக வைத்திருக்கும் பத்திரங்களுக்குக் கொடுத்த வட்டியைக் கழிக்கலாம் என்று தீர்த்தது. முதலீடாகவே வைத்திருந்தால் அந்த வசதி கிடைக்காது என்பதும் அதே தீர்ப்பில் உள்ளது. துணி ஏற்றுமதி செய்யும் கம்பெனிக்குப் பத்திரம் வியாபாரச் சரக்கு அல்ல. ஆகவே வங்கிக்குக் கிடைத்த தீர்ப்பை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. புத்தகத்தில் 10,800 வருமானம் காட்டுவது சரி. வருமான வரிக் கணக்கில் அந்த 7,200-ஐ எப்படிக் காட்டுவது என்பதை வாங்கிய ஆண்டிலேயே ஆடிட்டரோடு பேசி, எந்த எண்ணத்தோடு வாங்கியது என்று இயக்குநர் குழுத் தீர்மானத்திலும் எழுதி வைப்பது நல்லது.